முட்டை இல்லா கேக் சொதப்பினால்: கொண்டைக்கடலைத் தண்ணீரும் ஆளிவிதைக் கூழும் எங்கே இடறுகின்றன

சென்னை ஆதம்பாக்கத்தில் வீட்டிலிருந்தே முட்டை இல்லா கேக் செய்து கொடுக்கிறேன். எனக்கு வரும் போன்களில் பாதி ஆர்டர். மீதிப் பாதி, "நீங்க சொன்ன மாதிரிதான் போட்டேன், ஆனா இப்படி ஆயிடுச்சு" என்று ஆரம்பிப்பவை. கேட்டுப் பார்த்தால் அதே ஐந்தாறு குறைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் குறை வாரியாக இங்கே எழுதிவிட்டேன். உங்களுக்கு எது நடந்ததோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், பர்ஸைத் திறக்க வைக்கும் காரணம் கடைசியில் இருக்கும்.

முதலில் அளவு. ஒரு முழு முட்டைக்குப் பதில் 3 டேபிள்ஸ்பூன் கொண்டைக்கடலைத் தண்ணீர், அதாவது கடலை வெந்த தண்ணீரை வடித்து எடுத்தது. வெள்ளைக்கருவுக்கு மட்டும் என்றால் 2. ஆளிவிதை என்றால் ஒரு முட்டைக்கு 1 டேபிள்ஸ்பூன் பொடி, அதாவது சுமார் 7 கிராம், அதோடு 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர். நுரையும் உப்பலும் வேண்டிய இடத்தில் கடலைத் தண்ணீர். பிஸ்கட், பிரவுனி, வாழைப்பழ கேக் மாதிரி பிடிப்பு வேண்டிய இடத்தில் ஆளிவிதை. இந்த இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் கீழே உள்ள எந்தச் சோதனையும் உங்களுக்கு உதவாது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

## கடலைத் தண்ணீர் நுரைக்கவே மாட்டேன் என்கிறது

பீட்டரில் பத்து நிமிடம் அடித்த பிறகும் சோப்புத் தண்ணீர் போல மேலே மட்டும் குமிழி நிற்கிறது, கீழே தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. அதிகம் வரும் புகார் இதுதான்.

### பாத்திரத்தைப் பாருங்கள்

பிளாஸ்டிக் கிண்ணத்தில் அடித்தீர்களா? எண்ணெய்ப் பசை பிளாஸ்டிக்கை விட்டு லேசில் போகாது, அந்தப் பசை நுரையைக் கொன்றுவிடும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாறுங்கள். உள்ளேயும் பீட்டர் கம்பிகளிலும் எலுமிச்சைத் தோலால் ஒரு முறை தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இதற்கு ஐந்து காசு செலவில்லை, ஆனால் பல பேருக்குப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடுகிறது.

மிக்ஸி ஜாரில் அடித்திருந்தால் அது வேறு கதை. மிக்ஸி பிளேடு வெட்டும், காற்றை உள்ளே இழுத்துப் பிடித்து வைக்காது. கையால் விஸ்க் வைத்து அடித்தாலும் உறுதியான நுரை வருவது கஷ்டம். எலக்ட்ரிக் ஹேண்ட் பீட்டர் இல்லாமல் இந்த வழிக்கு வராதீர்கள் என்பது என் கருத்து.

### தண்ணீர் கெட்டியாக இருக்கிறதா

வடிகட்டிய தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் டம்ளரைச் சாய்த்தால் மெதுவாக, லேசாக உறைந்த மாதிரி நகர வேண்டும். பச்சைத் தண்ணீராக ஓடினால் அது நீர்த்திருக்கிறது என்று அர்த்தம், எவ்வளவு அடித்தாலும் பயனில்லை.

வெளிநாட்டுச் செய்முறைகளில் டின்னைத் திறந்து அப்படியே ஊற்றச் சொல்வார்கள். டின்னில் அடைத்த கடலை நாள்கணக்கில் அந்தத் தண்ணீரிலேயே ஊறி, தண்ணீர் கெட்டியாகியிருக்கும். நாம் குக்கரில் வேக வைப்பதால் அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். நான் செய்வது இது: 200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவில் ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடலை மூழ்கி மேலே இரண்டு விரற்கடை நிற்கும் அளவு மட்டும் புதுத் தண்ணீர் ஊற்றுகிறேன். உப்பு கிடையாது, சோடா கிடையாது. நாலைந்து விசில் வந்ததும் தீயைக் குறைத்து இன்னொரு கால் மணி நேரம். குக்கர் அடங்கியதும் உடனே வடிக்காமல், கடலை அந்தத் தண்ணீரிலேயே முழுக்க ஆறட்டும் என்று விட்டுவிடுகிறேன். முடிந்தால் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் அப்படியே. இந்தக் கடைசிப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகும் தண்ணியாக இருந்தால் வடித்த தண்ணீரை மட்டும் அகலமான வாணலியில், மூடாமல், மிதமான தீயில் மூன்றில் ஒரு பங்கு வற்றும் வரை சுண்ட விடுங்கள். ஆற வைத்து, ஃபிரிட்ஜில் குளிரவைத்து, மறுபடியும் டம்ளரைச் சாய்த்துப் பாருங்கள். அளவுக்கு மேல் சுண்டி முழு ஜெல்லியாகிவிட்டால் பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு ஸ்பூன் தண்ணீர் சேர்த்துக் கலக்கினால் போதும்.

### வேகும்போது என்ன சேர்ந்தது

நவராத்திரி சமயத்தில் இந்தக் கேள்வி முக்கியம். சுண்டலுக்கு வெந்த தண்ணீர் வீட்டில் தாராளமாக இருக்கும், வீணாக்க மனசு வராது. ஆனால் உப்புப் போட்டு வேக வைத்திருந்தால் சுண்டச் சுண்ட உப்பு ஏறும், கேக்கில் கரிக்கும். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்ப சோடா போட்டிருந்தால் தோல் கரைந்து தண்ணீர் கலங்கிவிடும், சோப்பு வாடையும் வரும். அந்தத் தண்ணீரை ரசத்துக்கோ குழம்புக்கோ பயன்படுத்திக்கொள்ளுங்கள். வேறு வழி கேட்டால், கடலையை வெறும் தண்ணீரில் வேக வைத்து, தண்ணீரை எடுத்து வைத்த பிறகு, தாளிக்கும்போது சுண்டலுக்கு உப்புச் சேருங்கள். இரண்டு வேலையும் நடக்கும்.

கறுப்புக் கொண்டைக்கடலைத் தண்ணீரின் நிறம் பழுப்பு. சாக்லேட் கேக்குக்குத் தெரியாது, வெள்ளை மெக்ரூனுக்குத் தெரிந்துவிடும்.

### எல்லாம் சரி, இன்னும் நிற்கவில்லை

அரை கப் தண்ணீருக்கு கால் டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்ட்டர் சேர்த்து அடியுங்கள். பாரிஸ் கார்னர் பக்கம் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். இல்லையென்றால் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. சர்க்கரையை நுரை மென்மையாக எழுந்த பிறகு ஒவ்வொரு ஸ்பூனாகச் சேருங்கள், முதலிலேயே கொட்டினால் நேரம் இரட்டிப்பாகும். கோழி முட்டை வெள்ளைக்கரு மாதிரி இதை அதிகம் அடித்துக் கெடுப்பது சிரமம், அதனால் பொறுமையாக இன்னும் ஐந்து நிமிடம் அடித்துப் பாருங்கள்.

கோந்துப் பொடி, கார்ன்ஃப்ளோர் என்று எதையாவது சேர்த்துக் காப்பாற்றலாமா என்று கேட்பார்கள். 2014இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் இந்தத் தண்ணீர் நுரைக்கும் என்று எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்கரான கூஸ் வோல்ட் கடலைத் தண்ணீரும் சர்க்கரையும் மட்டுமே போதும் என்று காட்டினார். ஆக, தண்ணீர் சரியாக இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. கோந்தைத் தேடுவதற்குப் பதில் டம்ளர் சோதனைக்குத் திரும்புங்கள்.

## நுரை அருமையாக வந்தது, மாவில் கலந்ததும் அமுங்கிவிட்டது

முதலில் கேட்க வேண்டியது, எண்ணெய் எப்போது சேர்ந்தது என்பதுதான். கடலைத் தண்ணீர் நுரைக்கு எண்ணெயும் வெண்ணெயும் எதிரி. மாவுக் கலவையில் எண்ணெய் ஏற்கெனவே நன்றாகக் கலந்து மறைந்திருந்தால் ஓரளவு தாங்கும். நுரைமேல் நேராக எண்ணெயை ஊற்றினால் கண் முன்னாலேயே இறங்கிவிடும். கோகோ பவுடரிலும் கொழுப்பு உண்டு, அதனால் கோகோவை மைதாவோடு சலித்துக் கலந்துவிடுங்கள், நுரையில் தனியாகத் தூவ வேண்டாம்.

வரிசை இது: மைதா, பேக்கிங் பவுடர், எண்ணெய், பால் எல்லாம் ஒரு கிண்ணத்தில் கலந்து தயார். ஓவன் சூடாகத் தயார். டின்னில் பட்டர் பேப்பர் தயார். அதற்குப் பிறகுதான் நுரை அடிப்பது. மூன்றில் ஒரு பங்கு நுரையை முதலில் மாவில் தாராளமாகக் கலந்து இளக்குங்கள், மீதியை ஸ்பேட்டுலாவால் அடியிலிருந்து மடக்கி மடக்கிச் சேருங்கள். பிறகு போன் வந்தாலும் எடுக்காமல் ஓவனில் வைத்துவிடுங்கள்.

வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்துச் செய்யும் கேக்கா? அப்படியானால் நுரையை உச்சிக்கு அடித்ததே வீண்வேலை. ஒரு நிமிடம் அடித்து வெளுத்தால் போதும், உப்பலை பேக்கிங் பவுடர் பார்த்துக்கொள்ளும்.

ஷிஃபான், ஏஞ்சல் கேக் போல முட்டைகளையே நம்பி நிற்கும் கேக்குகளுக்கு இந்த வழியே வேண்டாம். முட்டைப் புரதம் சூட்டில் இறுகிச் சுவர் கட்டும். கடலைத் தண்ணீரில் அப்படி இறுகும் புரதம் மிகக் குறைவு, நுரை காய்ந்து நிற்குமே தவிர இறுகாது. ஓவனில் எழும், வெளியே எடுத்ததும் உட்காரும். இதற்கு வீட்டில் திருத்தம் கிடையாது.

## மெக்ரூன் பரந்து போகிறது, ஒட்டுகிறது, கண்ணீர் விடுகிறது

தூத்துக்குடி மெக்ரூனை முட்டை இல்லாமல் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் நிறைய. முந்திரிப் பொடி, சர்க்கரை, வெள்ளைக்கரு மூன்றுதான் அதன் சாமான். வெள்ளைக்கருவை மட்டும் கடலைத் தண்ணீராக மாற்றினால் கிட்டத்தட்ட வரும். வராததற்குக் காரணங்கள் இவை.

சூடு அதிகம். முட்டை மெக்ரூன் சற்று அதிகச் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது, பரந்து, நடுவில் குழி விழுந்துவிடும். 100 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் காய விட வேண்டும். நம் வீட்டு ஓடிஜிகள் பலவற்றில் 100 என்று வைத்தால் உள்ளே அதைவிடக் கணிசமாக அதிகமாகவே இருக்கும். ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே வைத்துப் பாருங்கள், அதிகம் காட்டினால் கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி லேசாகத் திறந்து வையுங்கள். ஆனால் குழந்தைகள் ஓடும் வீட்டில் இந்த வேலை வேண்டாம்.

முந்திரி அதிகம் அரைபட்டது. முந்திரியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய்தான். மிக்ஸியில் நீண்ட நேரம் ஓட்டினால் எண்ணெய் விட்டு பிசுபிசுக்கும், நுரை அங்கேயே சாயும். ஃபிரீஸரில் வைத்த முந்திரியை விட்டு விட்டு ஓட்டி, சலித்து, கடைசியில் கரண்டி எண்ணி மடக்கிச் சேருங்கள்.

பிறகு நம் ஊர்க் காற்று. சர்க்கரை ஈரத்தை இழுக்கும், சென்னையில் காற்று எப்போதும் ஈரம். வெந்ததும் ஓவனை அணைத்து, கதவு மூடியே அப்படியே ஆற விடுங்கள். எடுத்த கையோடு காற்றுப் புகாத டப்பா. ஏசி ஓடும் அறையில் எடுத்து அடைத்தால் இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும் நாட்களில் ஆர்டர் வந்தால் நான் இதை எடுப்பதே இல்லை, வேறு பலகாரம் சொல்லிவிடுகிறேன்.

## மேலே வெந்து, நடுவில் களி

வேளச்சேரியில் ஒரு அக்கா சொன்னது: "மேல நல்லா செவந்துடுச்சு, ஓரத்துல குத்தினா குச்சி சுத்தமா வருது. வெட்டினா நடுவுல களிம்மா. திரும்ப ஓவன்ல வெச்சேன், அப்பவும் அப்படியே." ஆளிவிதைக் கேக்கில் இதுதான் பெரிய குறை. அக்காவின் கேக்கையே எடுத்துக்கொண்டு போகலாம்.

அவர் எடுத்தது 4 முட்டை சாக்லேட் கேக். மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன். முட்டைகளுக்குப் பதில் 4 டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடி, 12 டேபிள்ஸ்பூன் தண்ணீர். டின் ஆறு அங்குலம் அகலம், உயரமானது. டயல் 180இல், 40 நிமிடம்.

### நேரமும் குச்சியும்

முதல் கேள்வி, குச்சியை எங்கே குத்தினீர்கள்? ஓரத்தில் குத்துவது பதில் ஆகாது. ஆளிவிதை கேக் வேகும்போது மாவு ஒட்டாமல் வழுவழுவென்று குச்சி வரும், அதனால் வெந்தது போலத் தோன்றும். நடுவில் குத்தி, வந்த குச்சியை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் பத்து நிமிடம். சமையல் குத்து தெர்மாமீட்டர் இருந்தால் சண்டையே இல்லை, நடுவில் 96 முதல் 98 டிகிரி காட்ட வேண்டும். மேலே சிவந்துவிட்டால் அலுமினியத் தாளை லேசாக மூடிக்கொள்ளலாம்.

வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள். சூட்டோடு வெட்டினால் வெந்த ஆளிவிதை கேக்கும் பிசினாகத்தான் தெரியும். முழுக்க ஆறட்டும். ஆறிய பிறகும் களியாக இருந்தால்தான் அது குறை. ஆறியதை மறுபடி ஓவனில் வைத்துச் சரிசெய்ய முடியாது, அக்காவின் இரண்டாம் முயற்சி வீணானது அதனால்தான். அந்த கேக்கை உதிர்த்து கேக் பாப் உருண்டை பிடிக்கலாம்.

### எவ்வளவு ஆளிவிதை

இரண்டு முட்டைக்கு மேல் ஆளிவிதையால் ஈடு செய்யாதீர்கள். ஆளிவிதைக் கூழ் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. முட்டை மாதிரி சூட்டில் இறுகவும் இறுகாது. நாலு முட்டைக்கு நாலு ஸ்பூன் போட்டால், மாவுக்குள் கூழாகவே 180 மில்லி தண்ணீர் சிக்கிக்கொண்டிருக்கும். நாலு முட்டையில் இருப்பதும் ஏறத்தாழ 150 மில்லி தண்ணீர்தான், ஆனால் அதோடு இறுகும் புரதமும் இருந்தது.

அக்காவுக்கு நான் மாற்றித் தந்தது: ஆளிவிதைப் பொடி 2 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 6 டேபிள்ஸ்பூன். அதோடு நன்றாகச் சுண்டிய கடலைத் தண்ணீர் 4 டேபிள்ஸ்பூன், ஒரு நிமிடம் பீட்டரில் அடித்து வெளுத்தது. இப்போது இரண்டும் சேர்ந்து 150 மில்லிக்குள். பேக்கிங் பவுடரை 2 டீஸ்பூன் ஆக்கச் சொன்னேன், ஏனென்றால் அடித்த முட்டையின் உப்பல் இப்போது இல்லை.

### டின்

உயரமான டின்னில் ஓரம் வெந்து கருகும் வரை நடுவுக்குச் சூடு போகாது. முட்டை இருந்தால் தாங்கியிருக்கும். அதே மாவை இரண்டு ஏழு அங்குல டின்னில் பிரித்து ஊற்றச் சொன்னேன், டின் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. அடுக்கி நடுவில் கிரீம் வைத்தால் பிறந்தநாள் கேக்கின் உயரமும் வந்துவிடும்.

### ஓவன்

கடைசியில் ஓவன். டயலில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். தெர்மாமீட்டர் வாங்கும் முன் ஒரு சர்க்கரைச் சோதனை: அலுமினியத் தாளைக் கிண்ணமாக மடித்து ஒரு ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை வைத்து, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் கால் மணி நேரம் விடுங்கள். சர்க்கரை உருகுவது 186 டிகிரி அருகில். டயல் 175இல் சர்க்கரை உருகினால் ஓவன் அதிகச் சூடு. 195 வைத்தும் உருகாவிட்டால் குறைந்த சூடு. அக்காவின் ஓவனில் 195இல் சர்க்கரை அப்படியே மணலாகக் கிடந்தது. தெர்மாமீட்டர் வைத்ததில் டயல் 180இல் உள்ளே 155. டயலை 205க்குத் திருப்பினோம்.

இன்னொன்று, கோடை மாலைகளில் எல்லா வீட்டு ஏசியும் ஓடும்போது மின்னழுத்தம் இறங்கும். 230 வோல்ட்டுக்குச் செய்த ஓடிஜி கம்பியில் 200 வோல்ட் வந்தால் கம்பி தரும் சூடு கால் பங்கு குறையும். கதவைத் திறந்து மூடியதும் மறுபடி சூடேற நேரம் எடுக்கும், பேக்கிங் பவுடரின் வேகம் அதற்குள் முடிந்துவிடும். கோடையில் நான் காலை ஆறு, ஏழு மணிக்கே கேக் வேலையை முடித்துவிடுவது இதனால்தான்.

மறுவாரம் அக்கா செய்ததில் இரண்டு டின்னும் 35 நிமிடத்தில் வெந்தன. முட்டை கேக் அளவு உப்பவில்லை, அது உப்பாது. ஆனால் கத்தி சுத்தமாக வந்தது, துண்டு நிமிர்ந்து நின்றது.

## வெட்டினால் உதிர்கிறது

களிக்கு நேர் எதிர். பெரும்பாலும் கூழே உருவாகவில்லை என்பதுதான் காரணம். பொடியைத் தண்ணீரில் கலந்து உடனே மாவில் கொட்டிவிட்டீர்களா? 10 முதல் 15 நிமிடம் கொடுங்கள், வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் கொஞ்சம் சீக்கிரம். ஸ்பூனைத் தூக்கினால் பிசுக்காக நூல் இழுத்து விழ வேண்டும்.

நூல் இழுக்கவில்லை என்றால் பொடியைப் பாருங்கள். முழு விதையைத் தண்ணீரில் நனைத்தால் வெளியே மட்டும்தான் வழுவழுக்கும். மொறமொறப்பான ரவைப் பதம் பொடியும் அரைகுறைதான். சின்ன ஜாரில், ஈரமில்லாமல், விட்டு விட்டு ஓட்டி மைய அரையுங்கள், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு பிளேடில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம், டப்பாவில் இருப்பது வெறும் ஆளிவிதைப் பொடிதானா என்று ஒரு முறை முகர்ந்துவிடுங்கள். ஆளிவிதை இட்லிப் பொடியைப் போட்டு மஃபின் செய்த வீடும் எனக்குத் தெரியும். பூண்டு வாசனையோடு வந்தது.

கூழ் சரியாக இருந்தும் உதிர்ந்தால் மைதாவை அளப்பதைப் பாருங்கள். கப்பை மாவுக்குள் அழுத்தி மொண்டால் எடை கணிசமாக ஏறும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இந்தப் பட்டியலில் தெர்மாமீட்டருக்கு அடுத்து உருப்படியான செலவு அது.

கேக்கில் பழுப்புப் புள்ளிகள் தெரிவது குறை இல்லை, பார்வைக்கு மட்டும். பிடிக்கவில்லை என்றால் கால் கப் முழு விதையை 2 கப் தண்ணீரில் கொதிக்க வைத்து, வெள்ளைக்கரு மாதிரி நூலாகும்போது சூட்டோடு சல்லடையில் வடித்துக்கொள்ளுங்கள். ஆறினால் வடியாது. வெறும் கூழ் கிடைக்கும், ஒரு முட்டைக்கு 3 டேபிள்ஸ்பூன். பொடி போட்டதைவிடப் பிடிப்பு கொஞ்சம் குறைவு.

## வாசனை சரியில்லை

கசப்பும் பெயின்ட் வாடையும் வந்தால் ஆளிவிதை சிக்குப் பிடித்திருக்கிறது. அந்த எண்ணெய் சீக்கிரம் கெடும், நம் சமையலறைச் சூட்டில் பொடி இன்னும் சீக்கிரம். விதையாக வாங்கி, தேவைக்கு மட்டும் அரைத்து, மீதியை ஃபிரீஸரில் வையுங்கள். கேக்கில் கலந்த பிறகு ஏலக்காயால் மறைக்க முடியாது, கொட்டத்தான் வேண்டும்.

பருப்பு வாடை கடலைத் தண்ணீரிலிருந்து. கோகோ, காபி, எலுமிச்சைத் தோல் போட்டால் தெரியாது. வெனிலாவில் கொஞ்சம் தெரியும்.

புளிப்பு வாடையோ நூல் இழுக்கும் பிசுக்கோ இருந்தால் கடலைத் தண்ணீர் ஊசிப்போயிருக்கிறது. வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், ஃபிரிட்ஜில் மூன்று நாள் போதும். அதற்கு மேல் என்றால் ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வையுங்கள். ஒரு குழியில் எத்தனை ஸ்பூன் பிடிக்கும் என்று ஒரு முறை அளந்து டப்பாவில் எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த முறை அளக்கும் வேலை இல்லை.

## இனி நீங்கள் கை வைக்கக் கூடாத இடம்

டயலுக்கும் தெர்மாமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் டயலை மாற்றிச் சமாளிக்கலாம். ஒரு நாள் 20, ஒரு நாள் 60 என்று தாவினால் தெர்மோஸ்டாட் போய்விட்டது. மேல் கம்பியோ கீழ்க் கம்பியோ சிவக்கவில்லை என்றாலும் சரி, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். பழைய சின்ன ஓவன் என்றால் பழுதுபார்க்கும் கூலியைப் புதுசின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓவனின் உடம்பைத் தொட்டால் சுள்ளென்று கரன்ட் அடித்தாலோ, போட்டவுடன் எம்சிபி விழுந்தாலோ, பிளக் சூடாகி வாடை வந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 2000 வாட் ஓடிஜி 9 ஆம்பியர் அருகில் இழுக்கும், அதை 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ ஓட்டக் கூடாது. 16 ஆம்பியர் பாயின்ட் போட்டுக்கொள்வது கேக் செலவு இல்லை, வீட்டுச் செலவு.

முட்டை அலர்ஜிக்காக ஒரு குழந்தைக்குச் செய்கிறீர்கள் என்றால், கொண்டைக்கடலைக்கும் ஆளிவிதைக்கும் கூட அலர்ஜி வருவது உண்டு என்பதை அந்த வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். வேர்க்கடலையோ வேறு பயறு வகையோ ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்ட பிறகுதான் கடலைத் தண்ணீர். அதே பீட்டரில் நேற்று முட்டை அடித்திருந்தால் அந்த ஆர்டரை எடுக்கவே வேண்டாம்.

மூன்று அடுக்கு, ஐந்து கிலோ, கல்யாண மண்டபத்துக்கு மாலை ஆறு மணிக்கு என்று கேட்டால், தனி ஓவனும் குளிர் அறையும் வைத்து முட்டை இல்லா கேக் மட்டுமே செய்பவர்களிடம் அனுப்பிவிடுங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.